உணவு வலையில் எந்த உயிரி எந்த மட்டத்தில்? வினாத்தாளில் குழம்பியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பத்தாம் தரத்தில் படிக்கும் என் மகன் தவணைப் பரீட்சையின் விஞ்ஞான வினாத்தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, உணவு வலைக் கேள்வி முழுவதும் சிவப்புக் கோடாக இருந்தது. ஆசிரியர்தான் பிழை விட்டிருக்கிறார் என்று நான் அவனுக்காக வாதாடினேன். பிறகு வெள்ளவத்தை வீட்டின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதே கேள்வியை நானே செய்து பார்த்தேன். எனக்கும் அதே பிழையான விடைதான் வந்தது. பகல் முழுவதும் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தெரியவில்லையா என்று மகன் சிரித்தான்.

ஓர் உயிரி உணவுச் சங்கிலியில் எத்தனையாவது படியில், அதாவது எந்தப் போசணை மட்டத்தில் இருக்கிறது என்று கேட்கும் இந்தக் கேள்வியில் எண்ணுவது கடினமில்லை. எங்கிருந்து எண்ணுவது, எதை எண்ணாமல் விடுவது என்பதில்தான் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்து நாங்கள் கண்டுகொண்ட வழியைக் கீழே எழுதியிருக்கிறேன். உங்களுக்கு ஒரு ஞாயிறு போதும்.

1. கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை

கடந்தகால வினாத்தாள்களில் உணவு வலை, ஒவ்வொரு மட்டத்திலும் உள்ள சக்தியைப் படிபடியாகக் காட்டும் சக்திக் கூம்பகம் ஆகியவை வரும் பக்கங்களை மட்டும் போட்டோப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். முழுத் தொகுப்பையும் வாங்கத் தேவையில்லை. ஆனால் புள்ளியிடும் திட்டம் இல்லாமல் வெறும் வினாக்களை வாங்காதீர்கள். இந்தப் பாடத்தில் விடை சரியென்று நாமே நினைத்துக்கொள்வது மிக எளிது. ஒரு பென்சில், ஒரு சிவப்புப் பேனை, சில வெற்றுத் தாள்கள் இருந்தால் போதும். எங்களுக்கு ஆன மொத்தச் செலவு ஒரு மாத வகுப்புப் பணத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

பிரதி எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். படம் மங்கினால் அம்புகளின் தலைகள் முதலில் மறைந்துபோகும். அம்புத் தலை இல்லாத உணவு வலை வெறும் கோட்டுக் குவியல்தான். அப்படிப்பட்ட தாள் கையில் வந்துவிட்டால், தாவரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு கோடும் உண்ணும் விலங்கை நோக்கிப் போவதாக நீங்களே தலை வரைந்துகொள்ளுங்கள்.

2. அம்பை வாசியுங்கள், படத்தின் உயரத்தைப் பார்க்காதீர்கள்

அம்பு "உண்கிறது" என்று சொல்வதில்லை. சக்தி எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டுகிறது. பாசி → வாற்பேத்தை என்றிருந்தால், பாசியிலிருந்த சக்தி வாற்பேத்தையின் உடலுக்குப் போகிறது. நான் இதைப் பணம் கைமாறுவதுபோல நினைத்துக்கொண்டேன்: அம்பின் வால் கொடுப்பவர் பக்கம், தலை வாங்குபவர் பக்கம். பிள்ளைகள் பலர் "கொக்கு மீனை உண்கிறது" என்ற வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, கொக்கிலிருந்து மீனுக்கு அம்பு போகவேண்டும் என்று நினைக்கிறார்கள். அந்த ஒரு பிழையால் வலை முழுவதும் தலைகீழாகிவிடும்.

நான் செய்த பிழை வேறு. படத்தில் மேலே வரையப்பட்டிருந்த உயிரியை உயர்ந்த மட்டம் என்றும், கீழே இருந்ததைத் தாழ்ந்த மட்டம் என்றும் எடுத்துக்கொண்டேன். வரைகிறவர் தாளில் இடம் கிடைத்த இடத்தில் பெயரை வைத்திருப்பார். விராலும் தும்பிக் குடம்பியும் ஒரே உயரத்தில் இருந்ததால் இரண்டும் ஒரே மட்டம் என்று எழுதிவிட்டேன். அங்கேதான் புள்ளி போனது.

3. எண்ணத் தொடங்குமுன் வெட்டிவிட வேண்டியவை

சில படங்களில் சூரியனும் அதிலிருந்து தாவரத்துக்கு ஓர் அம்பும் இருக்கும். சூரியன் உயிரி அல்ல. அதற்கு மட்டம் கிடையாது. சூரியனை ஒன்று என்று எண்ணத் தொடங்கினால் எல்லா விடையும் ஒரு படி மேலே போய்விடும். பென்சிலால் அதன்மேல் மெல்லிய கோடு போடுங்கள்.

அடுத்தது பிரிகையாக்கிகள், அதாவது பங்கசும் பற்றீரியாவும். வலையில் உள்ள எல்லா உயிரிகளிலிருந்தும் அவற்றுக்கு அம்பு போகும். அவற்றுக்கும் எண் போட முயன்றால் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என எல்லா எண்ணும் விழுந்து தாள் கறுத்துவிடும். பாடசாலை வினாத்தாள்களில் சக்திக் கூம்பகத்தின் படிகளுக்குள் அவற்றை வைப்பதில்லை. சில படங்களில் கூம்பகத்துக்குப் பக்கத்தில் தனிப் பெட்டியாக வரைந்திருப்பார்கள். "மிக உயர்ந்த மட்டத்தில் இருப்பது எது?" என்ற கேள்விக்குப் பற்றீரியா என்று எழுதவைக்கும் விடைத் தெரிவு வந்தால் அதைத் தொடாதீர்கள்.

4. ஒவ்வோர் உயிரிக்கும் எண் எழுதுங்கள்

இதுதான் முழு வேலை. மற்றவற்றை எல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

எடுத்துக்காட்டுக்கு வெள்ளவத்தைக் கால்வாய் போன்ற ஒரு நீர்நிலையை வைத்து நாங்கள் வரைந்த சிறிய வலையைத் தருகிறேன். உண்மையான கால்வாயில் இதைவிட எத்தனையோ மடங்கு உயிரிகள் உண்டு; பயிற்சிக்கு இவ்வளவு போதும்.

பாசி → நுளம்புக் குடம்பி
பாசி → வாற்பேத்தை
பாசி → திலாப்பியா
நுளம்புக் குடம்பி → தும்பிக் குடம்பி
வாற்பேத்தை → தும்பிக் குடம்பி
வாற்பேத்தை → விரால்
திலாப்பியா → விரால்
தும்பிக் குடம்பி → விரால்
திலாப்பியா → நீர்க்காகம்
விரால் → நீர்க்காகம்

முதலில், எந்த அம்பும் வந்து சேராத உயிரியைத் தேடுங்கள். இங்கே அது பாசி. ஒளித்தொகுப்பால் தன் உணவைத் தானே ஆக்கும் உற்பத்தியாளர் அது. அதன் பக்கத்தில் 1 என்று எழுதுங்கள்.

பாசியிலிருந்து அம்பு போகும் மூன்றுக்கும் 2 எழுதுங்கள்: நுளம்புக் குடம்பி, வாற்பேத்தை, திலாப்பியா. இந்த வலையில் இவை மூன்றுக்கும் வேறு எங்கிருந்தும் அம்பு வரவில்லை. ஆகவே 2 மட்டும்தான்.

அடுத்துத் தும்பிக் குடம்பி. அதற்கு இரண்டு அம்புகள் வருகின்றன. ஒன்று 2 உள்ள நுளம்புக் குடம்பியிலிருந்து, மற்றது 2 உள்ள வாற்பேத்தையிலிருந்து. இரண்டு வழியாகப் போனாலும் 3 தான். இரண்டு உணவு உண்பதால் இரண்டு மட்டம் என்று நினைப்பது இங்கே பொய்த்துப்போகிறது. உணவின் எண்ணிக்கை மட்டத்தைத் தீர்மானிப்பதில்லை, உணவு இருக்கும் மட்டம்தான் தீர்மானிக்கிறது.

இப்போது விரால். வாற்பேத்தையிலிருந்து வந்தால் 3. திலாப்பியாவிலிருந்து வந்தாலும் 3. தும்பிக் குடம்பி ஏற்கெனவே 3 இல் இருப்பதால், அதை உண்ணும்போது விரால் 4. ஆகவே விராலுக்குப் பக்கத்தில் "3, 4" என்று இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை அழிக்காதீர்கள். பிள்ளைகள் இந்த இடத்தில் ஒரே எண் வேண்டும் என்ற பதற்றத்தில் ஒன்றைத் தெரிவு செய்துவிடுகிறார்கள். பெரும்பாலும் குறுகிய வழியைத்தான் தெரிவு செய்வார்கள், அது கண்ணில் முதலில் படுவதால்.

கடைசியாக நீர்க்காகம். 2 உள்ள திலாப்பியாவிலிருந்து வந்தால் 3. விராலிலிருந்து வந்தால், விராலின் இரண்டு எண்களோடும் ஒன்றைக் கூட்டவேண்டும்: 4, 5. ஆகவே "3, 4, 5".

இரண்டாம் ஞாயிறு நாங்கள் கால்வாய்ப் பக்கம் நடந்துபோனோம். தண்ணீரிலிருந்து தலையை நீட்டிய ஒரு நீர்க்காகத்தின் அலகில் மீனொன்று துடித்துக்கொண்டிருந்தது. "இப்போது அது எந்த மட்டம்?" என்று கேட்டேன். மகன் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "என்ன மீன் என்று தெரியவில்லையே, அம்மா" என்றான். அதற்குள் பறவை விழுங்கிவிட்டது. அந்த விடைக்கு நான் முழுப் புள்ளி கொடுத்தேன்.

சூழலியல் ஆய்வாளர்கள் இந்தச் சிக்கலைப் பின்னத்தால் தீர்ப்பார்கள். ஒரு விராலின் உணவில் பத்தில் ஆறு பங்கு இரண்டாம் மட்டத்திலிருந்தும் நான்கு பங்கு மூன்றாம் மட்டத்திலிருந்தும் வந்தால், அதன் இடம் 3.4 என்று கணக்கிடுவார்கள். சாதாரண தரத்தில் இது தேவையில்லை. ஆனாலும், ஓர் உயிரிக்கு இரண்டு எண் விழுவது பிழையல்ல என்று பிள்ளைக்குப் புரியவைக்க இதைச் சொன்னது எனக்கு உதவியது.

5. கேள்வியிலுள்ள ஒற்றைச் சொல்லின் கீழ் கோடு போடுங்கள்

எண்களை எழுதி முடித்தபின் கேள்வியைத் திரும்ப வாசியுங்கள். மேலே உள்ள அதே வலைக்கு மூன்று கேள்விகள் கேட்டால் மூன்று வேறு விடைகள் வரும்.

"மூன்றாம் போசணை மட்டத்தில் மட்டும் இருப்பது எது?" என்றால், தும்பிக் குடம்பி. விராலுக்கும் நீர்க்காகத்துக்கும் 3 உண்டு, ஆனால் அவற்றுக்கு வேறு எண்களும் உண்டு.

"மூன்றாம் போசணை மட்டத்தில் இருக்கக்கூடியவை எவை?" என்றால், தும்பிக் குடம்பி, விரால், நீர்க்காகம் ஆகிய மூன்றும்.

"நீர்க்காகம் இருக்கக்கூடிய உயர்ந்த மட்டம் எது?" என்றால், ஐந்தாம் மட்டம்.

என் மகன் இழந்த இரண்டு புள்ளிகளும் "மட்டும்" என்ற சொல்லைத் தாண்டிப் போனதால் போனவை. எண்ணியது சரியாக இருந்தும் விடை பிழையாகிவிடும் இடம் இது.

6. நுகரி எண் வேறு, மட்ட எண் வேறு

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஆனால் ஒவ்வொரு வகுப்பிலும் பாதிப் பேர் விழும் குழி இது. முதலாம் மட்டத்தை உற்பத்தியாளர் எடுத்துக்கொள்வதால், முதலாம் நுகரி இருப்பது இரண்டாம் மட்டத்தில். இரண்டாம் நுகரி மூன்றாம் மட்டத்தில். மூன்றாம் நுகரி நான்காம் மட்டத்தில். எப்போதும் ஒன்று வித்தியாசம்.

"மூன்றாம் நுகரியாக இருக்கக்கூடிய விலங்கு எது?" என்று கேட்டால் நீங்கள் தேடவேண்டியது 3 அல்ல, 4. நம் வலையில் விராலும் நீர்க்காகமும் அந்த இடத்துக்குப் பொருந்தும். தும்பிக் குடம்பி பொருந்தாது. விடைத் தெரிவுகளில் தும்பிக் குடம்பியைத் தவறாமல் வைத்திருப்பார்கள்.

7. உயிரியின் பெயரைக் கடைசி எழுத்துவரை வாசியுங்கள்

வாற்பேத்தை வேறு, தவளை வேறு. ஒரே விலங்கின் இரண்டு பருவங்கள் என்றாலும், பெரும்பாலான வலைகளில் வாற்பேத்தை பாசியை உண்டு 2 இல் இருக்கும். வளர்ந்த தவளை பூச்சிகளை உண்டு 3 இலோ அதற்கு மேலோ இருக்கும். பெயரைப் பாதி வாசித்துவிட்டுத் தவளையின் எண்ணை வாற்பேத்தைக்குப் போடுவது வழக்கமான பிழை.

நுளம்பும் அப்படித்தான். அதன் குடம்பி நீரிலுள்ள நுண்ணிய பாசிகளையும் மக்கிய துணிக்கைகளையும் வடித்து உண்ணும். வளர்ந்த பெண் நுளம்போ முட்டையிட இரத்தம் உறிஞ்சும். டெங்கு பற்றிய சுவரொட்டிகள் ஒட்டாத தெருவே கொழும்பில் இல்லாததால், நுளம்பு என்ற பெயரைக் கண்டதும் நம் பிள்ளைகளுக்கு இரத்தம்தான் நினைவுக்கு வருகிறது. படத்தில் என்ன அம்பு இருக்கிறதோ அதை மட்டும் நம்புங்கள். வெளியே படித்ததை வலைக்குள் கொண்டுவராதீர்கள்.

ஒரே விதிவிலக்கு கெண்டித் தாவரம், அதாவது நெப்பந்திசு. பூச்சியிலிருந்து அதற்கு அம்பு வரைந்திருந்தாலும் அதை உற்பத்தியாளராகவே எழுதவேண்டும். அது தன் சக்தியைச் சூரிய ஒளியிலிருந்து பெறுகிறது. பூச்சியிடமிருந்து எடுப்பது நைதரசன் போன்ற போசணைப் பொருட்களை. அம்பு சக்தியைக் குறிப்பது என்ற இரண்டாம் படியை நினைவில் வைத்திருந்தால் இந்தக் கேள்வி உங்களை ஏமாற்றாது.

8. வலையிலிருந்து கூம்பகத்துக்கு

கூம்பகக் கேள்வியில் படிகளுக்கு எழுத்துகள் கொடுத்திருப்பார்கள். உச்சியிலுள்ள படிக்கு முதல் எழுத்தைக் கொடுப்பது பரீட்சகர்களுக்குப் பிடித்த வேலை. எழுத்துகளைப் பொருட்படுத்தாமல், அடியிலிருந்து 1, 2, 3, 4 என்று பென்சிலால் நீங்களே எழுதிவிடுங்கள்.

பிறகு ஒரு சங்கிலியைத் தெரிவு செய்யுங்கள். வலையை அப்படியே கூம்பகத்துக்குள் திணிக்க முடியாது. நான்கு படிக் கூம்பகம் என்றால் நான்கு உயிரிகள் கொண்ட சங்கிலி வேண்டும். பாசி → வாற்பேத்தை → தும்பிக் குடம்பி → விரால் பொருந்தும். பாசி → திலாப்பியா → நீர்க்காகம் பொருந்தாது, அதில் மூன்றே உள்ளன.

ஒரு மட்டத்திலிருந்து அடுத்ததற்கு ஏறத்தாழ 10 சதவீதச் சக்திதான் போய்ச்சேரும். மீதி சுவாசத்தின்போது வெப்பமாகவும், உண்ணப்படாத பகுதிகளாகவும், கழிவாகவும் போய்விடும். பாசியில் 40,000 கிலோயூல் இருப்பதாக வைத்துக்கொண்டால், வாற்பேத்தையின் படியில் 4,000, தும்பிக் குடம்பியின் படியில் 400, விராலின் படியில் 40. ஆகவே "400 கிலோயூல் உள்ள படியில் இருக்கும் உயிரி எது?" என்றால் எண்களைப் பார்த்தே மூன்றாம் மட்டம் என்று சொல்லிவிடலாம்.

இங்கேதான் சங்கிலியைக் குறிப்பிடாமல் விடை எழுதுவதன் ஆபத்து தெரியும். அதே 40,000 இலிருந்து தொடங்கி, நீர்க்காகத்தின் படியில் எவ்வளவு சக்தி என்று கணக்கிடுங்கள். திலாப்பியா வழியாக வந்தால் 400. தும்பிக் குடம்பி, விரால் வழியாக ஐந்தாம் மட்டத்தில் வந்தால் 4. நூறு மடங்கு வித்தியாசம்! கட்டமைப்பு வினாவில் கணக்குக்கு மேலே நீங்கள் எடுத்த சங்கிலியை ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

10 சதவீதம் என்பது சராசரிதான். அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள சில்வர் ஸ்பிரிங்ஸ் ஊற்றில் அளந்தபோது, ஓராண்டில் ஒரு சதுர மீற்றருக்கு உற்பத்தியாளர்களிடம் 20,810 கிலோகலோரியும், அடுத்தடுத்த மட்டங்களில் 3,368, 383, 21 கிலோகலோரியும் இருந்தன. முறையே 16, 11, 5.5 சதவீதம் வருகிறது. ஆகவே வினாத்தாள் தன் எண்களைக் கொடுத்திருந்தால் அவற்றையே பயன்படுத்துங்கள். 10 சதவீதத்தை வலிந்து போடாதீர்கள்.

இன்னொரு பொறி கூம்பகத்தின் வகை. சக்திக் கூம்பகம் ஒருபோதும் தலைகீழாகாது. எண்ணிக்கைக் கூம்பகம் எப்படியும் வளையும். ஓர் ஆலமரம், அதன் பழத்தைத் தின்னும் நாற்பது வௌவால்கள், அவற்றின் உடலில் ஒட்டியிருக்கும் ஆயிரக்கணக்கான உண்ணிகள் என்று எடுத்தால், அடி ஒடுங்கி உச்சி விரிந்திருக்கும். அகலமான படியைக் கண்டதும் உற்பத்தியாளர் என்று எழுதுகிறவர்கள் அங்கே உண்ணியை மரமாக்கிவிடுவார்கள். தலைப்பில் சக்தியா, எண்ணிக்கையா, உயிர்த்திணிவா என்று பார்த்த பிறகே வடிவத்தைப் பாருங்கள். எதுவாக இருந்தாலும் மட்டத்தை அடியிலிருந்துதான் எண்ணவேண்டும்.

9. நேரக் கணக்கும் ஒரு பயிற்சியும்

சாதாரண தர விஞ்ஞான முதலாம் வினாத்தாளில் நாற்பது பல்தேர்வு வினாக்களுக்கு ஒரு மணிநேரம். ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம். பத்து அம்புகள் உள்ள ஒரு வலைக்கு எண் போட என் மகனுக்கு முதல் நாள் நான்கு நிமிடம் எடுத்தது. பன்னிரண்டு வலைகள் செய்த பிறகு ஐம்பது வினாடியில் முடித்தான். வினாத்தாளில் படத்தின் மேலேயே எண்களை எழுதுங்கள். வேறு தாளில் திரும்ப வரையப் போனால் நேரம் போய்விடும்.

பயிற்சிக்கு மேலே உள்ள வலையில் ஓர் அம்பை மட்டும் கூட்டுங்கள்: நுளம்புக் குடம்பி → திலாப்பியா. திலாப்பியா இப்போது அனைத்துண்ணி. எல்லா உயிரிகளுக்கும் மறுபடி எண் போட்டு, எவற்றின் எண்கள் மாறின என்று பாருங்கள்.

விராலும் நீர்க்காகமும் மாறியிருக்கும் என்று நான் எழுதியிருந்தேன். திலாப்பியாவுக்கு 2 உடன் 3 சேர்கிறது. அதனால் விராலுக்கு ஒரு 4 கிடைக்கிறது, ஆனால் அதனிடம் 4 ஏற்கெனவே இருக்கிறது. நீர்க்காகத்துக்கு வரும் 4 உம் ஏற்கெனவே இருப்பதுதான். மாறியது திலாப்பியா மட்டும்.